ஒரு தாள், நாலு வரி: டிராயிங் பவர் கணக்குக்குள்ள இருக்கிற 200 வருஷக் கதை

இந்த எபிசோடு ஒரே ஒரு தாளைப் பத்தினது. சின்ன ஃபேக்டரி, மில், மொத்த வியாபாரம் எதுவா இருந்தாலும், பேங்க்ல கேஷ் கிரெடிட் வாங்கியிருந்தா மாசாமாசம் இந்தத் தாளைக் கொடுத்தாகணும். ஊர்ல இதுக்கு 'ஸ்டாக் ஸ்டேட்மென்ட்'னு பேரு. பேங்க் உள்ளே அதை வச்சுப் போடுற கணக்குக்கு 'டிராயிங் பவர்'னு பேரு, சுருக்கமா டி.பி. நம்மகிட்ட சாங்ஷன் லெட்டர் 1 கோடின்னு சொன்னாலும், இந்த மாசம் நிஜமா எவ்வளவு எடுக்கலாம்னு முடிவு பண்றது இந்தத் தாள்தான்.

எனக்கு இது தெரிய வந்ததுக்குக் காரணம் என் சித்தப்பா. கோயம்புத்தூர்ல பம்ப் செட் பண்றார். போன வருஷம் செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை கூப்பிட்டு, "கண்ணு, நீ கம்ப்யூட்டர்காரன்தானே, மாசாமாசம் இந்த ஸ்டேட்மென்ட் போடறதுக்குள்ள அக்கவுன்ட்ஸ் புள்ள ரெண்டு நாள் உக்காருது. பட்டனைத் தட்டுனா வர்ற மாதிரி பண்ணிக் குடு"ன்னார். டேலியில இருந்து டேட்டா எடுத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதறது அரை நாள் வேலைன்னு நினைச்சுப் போனேன். போன இடத்துல கணக்கே வேற மாதிரி வந்து நின்னது. அந்தக் கதையைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, அந்தத் தாள்ல ஏன் அந்த நாலு வரி இருக்குன்னு பார்த்துடலாம்.

பழைய கோட்ல ஒரு விசித்திரமான `if` இருந்தா, அதை அழிக்கறதுக்கு முன்னாடி யார், எதுக்குப் போட்டாங்கன்னு வரலாற்றைத் தோண்டிப் பார்ப்போம் இல்லையா? இதுவும் அப்படித்தான். முதல்ல தாளோட வடிவம் இது:

```
stock_dp  = (stock - creditors) * 0.75
debtor_dp = debtors_upto_90 * 0.60
dp        = stock_dp + debtor_dp
usable    = min(limit, dp) - outstanding
```

சரக்கு, அதுல இருந்து கடனுக்கு வாங்கினதுக்குத் தரவேண்டிய பாக்கி கழிவு, நமக்கு வரவேண்டிய பாக்கி, எல்லாத்துக்கும் மேல மார்ஜின். மார்ஜின்னா நம்ம கைக்காசு எவ்வளவு இருக்கணும்ங்கிறது. 25 சதவீதம், 40 சதவீதம்ங்கிறது சித்தப்பாவோட சாங்ஷன் லெட்டர்ல இருந்த எண்கள். உங்களோடது வேறயா இருக்கலாம், லெட்டரைப் பார்த்துக்கங்க. ஆனா இந்த நாலு வரியும் ஒரே நாள்ல எழுதினதில்ல. ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் ஒரு காலம் இருக்கு.

முதல் வரி: சரக்கு

கேஷ் கிரெடிட்ங்கிற யோசனை 1728-ல ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து தொடங்கினது. மொத்தமா ஒரு தொகையைக் கடனாக் கொடுக்காம, ஒரு வரம்பு போட்டு, வேணுங்கிறப்ப எடு, வந்தப்ப கட்டு, எடுத்ததுக்கு மட்டும் வட்டி கொடுன்னு ஒரு ஏற்பாடு. ஸ்காட்லாந்துல அதுக்குப் பிணை ஆளுங்க, அதாவது ஜாமீன் கையெழுத்து. அந்த யோசனை இங்க வந்தப்ப பிணை, ஆள்கிட்ட இருந்து சரக்குக்கு மாறிச்சு.

இந்தியாவுல மூணு பிரசிடென்சி பேங்க் இருந்தது. கல்கத்தாவுல 1806-ல தொடங்கி பேங்க் ஆஃப் பெங்கால் ஆனது, 1840-ல பேங்க் ஆஃப் பாம்பே, 1843-ல நம்ம ஊரு பேங்க் ஆஃப் மெட்ராஸ். 1876-ல வந்த பிரசிடென்சி பேங்க்ஸ் சட்டம் இவங்களை நிலம், கட்டடம் மாதிரி அசையாச் சொத்து மேல கடன் கொடுக்க விடல. அப்போ மிச்சம் என்ன இருக்கு? மூட்டையில இருக்கிற பஞ்சு, தானியம், சர்க்கரை. அதைக் குடோன்ல வச்சுப் பூட்டி, சாவியை பேங்க் வாங்கிக்கும். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தோட 172-வது பிரிவு சொல்ற 'பிளெட்ஜ்', அதாவது பொருளைக் கையில ஒப்படைக்கிற அடமானம் இது. இந்த மூணு பேங்க்கும் 1921-ல சேர்ந்து இம்பீரியல் பேங்க் ஆச்சு, 1955 ஜூலை 1-ல ஸ்டேட் பேங்க் ஆச்சு. பூட்டும் சாவியும் கூடவே வந்தது.

பூட்டு இருக்கிற வரைக்கும் கணக்கு சுலபம். உள்ள 100 மூட்டை இருக்கு, மூட்டைக்கு இவ்வளவு, அதுல கொஞ்சம் குறைச்சுக் கடன். எண்ணினா தெரிஞ்சுடும். ஆனா ஃபேக்டரின்னு ஒண்ணு வந்ததும் இந்தப் பூட்டு உதவல. காலையில இரும்பு உள்ள போகும், மத்தியானம் அது பாதி வேலை முடிஞ்ச காஸ்டிங், சாயங்காலம் பெயின்ட் அடிச்ச பம்ப். ஒவ்வொரு தடவையும் சாவிக்கு பேங்க் ஆளைத் தேட முடியாது. அதனால 'ஹைப்பாதிகேஷன்' பரவிச்சு. சரக்கு உங்ககிட்டயே இருக்கும், உரிமை பேங்க்குக்கு எழுதிக் கொடுத்திருப்பீங்க. சாவி உங்ககிட்ட வந்துடுச்சுன்னா, உள்ளே என்ன இருக்குன்னு பேங்க்குக்கு எப்படித் தெரியும்? நீங்களே எழுதிக் கொடுக்கணும். அதுதான் ஸ்டாக் ஸ்டேட்மென்ட். சுருக்கமாச் சொன்னா, அந்தத் தாள் ஒரு காலத்துல பூட்டுக்குப் பதிலா வந்தது. இதை மனசுல வச்சுக்கிட்டா, மேனேஜர் ஏன் அதை அவ்வளவு சந்தேகமாப் பார்க்கிறார்ங்கிறது புரிஞ்சுடும்.

இரண்டாவது வரி: கழிக்க வேண்டிய பாக்கி

அடுத்த சிக்கல் 1960-கள்ல தெரிய வந்தது. தொழிற்சாலை உற்பத்தி வளர்ந்ததைவிட பேங்க் கடன் வேகமா வளர்ந்துட்டிருந்தது. பணம் எங்க போகுதுன்னு பார்க்க 1968-ல வி.டி. தெஹேஜியா தலைமையில ஒரு குழு உட்கார்ந்தது. அடுத்த வருஷம் வந்த அறிக்கை சொன்னதுல ஒண்ணு இது: குறுகிய காலக் கடன்னு வாங்கினது நீண்ட காலச் செலவுகளுக்குப் போகுது. இன்னொண்ணு, ஒரே சரக்குக்கு ரெண்டு இடத்துல கடன் கிடைக்குது.

ரெண்டாவதை ஒரு உதாரணத்தோட பார்க்கலாம். நான் 10 லட்சத்துக்கு இரும்பு வாங்கறேன், பணம் கொடுக்கல, 60 நாள் தவணை. அந்த இரும்புக்கு ஏற்கெனவே வியாபாரி எனக்குக் கடன் கொடுத்துட்டார். அதே இரும்பைக் காட்டி பேங்க்ல 7.5 லட்சம் எடுத்தா, என் கைக்காசு ஒத்த ரூபாய் போடாம, கூடுதலா 7.5 லட்சம் என் கையில வந்துடுது. அதை வச்சு நான் நிலம் வாங்கலாம், கல்யாணம் பண்ணலாம். 60 நாள் கழிச்சு வியாபாரி வந்து நிப்பார். அதனாலதான் சரக்குல இருந்து சப்ளையர் பாக்கியைக் கழிச்சுட்டு, மிச்சத்துக்கு மட்டும் டி.பி. பேங்க் பாஷையில இதுக்கு 'பெய்டு ஸ்டாக்'னு பேரு, காசு கொடுத்து வாங்கின சரக்கு.

மூன்றாவது வரி: மார்ஜின்

தெஹேஜியா குழு நோயைச் சொன்னது. எவ்வளவு கொடுக்கலாம்னு ஒரு கணக்கு வந்தது டாண்டன் குழு காலத்துல. 1969-ல 14 பேங்க் தேசியமயம் ஆச்சு. 1973-ல எண்ணெய் நெருக்கடி, 1974-ல விலைவாசி ஏத்தம் 20 சதவீதத்தைத் தாண்டிடுச்சு. இந்தச் சூழ்நிலையில பழைய கேஷ் கிரெடிட் முறை எப்படி வேலை செஞ்சிருக்கும்னு யோசிங்க. கடன் அளவைச் சரக்கு மதிப்பு முடிவு பண்ணுது. விலை ஏறினா, குடோன்ல இருக்கிற அதே சரக்கோட மதிப்பு ஏறும். மதிப்பு ஏறினா டி.பி. ஏறும். டி.பி. ஏறினா இன்னும் கொஞ்சம் சரக்கு வாங்கிப் பதுக்கலாம். பதுக்கினா விலை இன்னும் ஏறும். தானே தன்னைத் தூண்டிக்கிற ஒரு லூப். கடனை நிறுத்தற கண்டிஷனே அந்த லூப்புக்குள்ள கிடையாது.

1974 ஜூலையில ரிசர்வ் பேங்க் பிரகாஷ் டாண்டன் தலைமையில குழு போட்டது. அவர் ஹிந்துஸ்தான் லீவரோட முதல் இந்தியத் தலைவரா இருந்தவர், அப்போ பஞ்சாப் நேஷனல் பேங்க் தலைவர். அதாவது கடன் வாங்கற பக்கமும் கொடுக்கிற பக்கமும் உட்கார்ந்து பார்த்தவர். 1975-ல வந்த அறிக்கை, சரக்கு எவ்வளவு இருக்குன்னு கேட்கறதோட நிக்காம, எவ்வளவு இருக்கணும்னு கேட்டது. தொழில் வாரியா எத்தனை மாச மூலப்பொருள், எத்தனை மாசப் பாக்கி நியாயம்னு அளவு போட்டது. கைக்காசு எவ்வளவுங்கிறதுக்கு மூணு முறை சொன்னது. அதுல நமக்கு முதல் ரெண்டும் போதும்.

நடப்புச் சொத்து, அதாவது சரக்கும் வரவேண்டியதும் சேர்த்து 100 ரூபாய்னு வைங்க. சப்ளையர் மாதிரி மத்தவங்களுக்குத் தரவேண்டியது 40. முதல் முறையில, 100-ல 40-ஐக் கழிச்சு வர்ற 60-ல முக்கால் பங்கு பேங்க் தரும்: 45. உங்க கைக்காசு 15. இரண்டாவது முறையில, முதல்லயே 100-க்கும் சேர்த்து 25 சதவீதம் உங்க கைக்காசு: 25. மிச்சம் 75-ல சப்ளையரோட 40 போக பேங்க் தர்றது 35. அதே தொழில், அதே சரக்கு, கழித்தலை முன்னாடி பண்றோமா பின்னாடி பண்றோமாங்கிறதுல 10 ரூபாய் வித்தியாசம். அடுத்து 1979-ல கே.பி. சோர் தலைமையில வந்த குழு, பெரிய கடன்காரங்களை இரண்டாவது முறைக்கு மாத்தச் சொன்னது.

இப்போ மேல இருக்கிற கோடைத் திரும்பப் பாருங்க. `(stock - creditors) * 0.75`. முதல்ல கழிச்சு, அப்புறம் பெருக்குது. இது டாண்டனோட முதல் முறையோட வடிவம், தாராளமான வடிவம். வருஷத்துக்கு ஒரு தடவை லிமிட் போடும்போது பேங்க் கண்டிப்பான கணக்குப் போடலாம், ஆனா மாசாந்திர டி.பி. தாராளக் கணக்கிலேயே ஓடும். அதனால பல பேருக்கு டி.பி., லிமிட்டைவிட அதிகமா வரும். "டி.பி. 1.20 கோடி வருது, நீங்க 1 கோடிதான் தர்றீங்க"ன்னு மேனேஜர்கிட்ட சண்டை போடறதுல அர்த்தம் இல்ல. ரெண்டும் ரெண்டு வேற கேள்விக்குப் பதில். லிமிட் சொல்றது, உன் தொழிலுக்கு எவ்வளவு தேவைன்னு. டி.பி. சொல்றது, இன்னைக்கு அதுக்கு ஈடா என்ன இருக்குன்னு. எது குறைவோ அதுதான் செல்லும். அதுதான் கடைசி வரியில இருக்கிற `min`.

சின்னத் தொழில்களுக்கு லிமிட் கணக்கு இன்னும் சுருங்கிடுச்சு. பி.ஆர். நாயக் குழு 1992-ல கொடுத்த அறிக்கைப்படி, எதிர்பார்க்கிற வருஷ விற்பனையில 20 சதவீதம் பேங்க் கொடுக்கலாம், 5 சதவீதம் முதலாளி போடணும். சித்தப்பாவோட விற்பனை 5 கோடி, அதனால லிமிட் 1 கோடி. கவனிங்க, இந்தக் கணக்குல சரக்குங்கிற வார்த்தையே இல்ல. 1997-ல பெரிய கடன்களுக்கும் டாண்டன் வழிக் கணக்கு கட்டாயமில்லைன்னு ரிசர்வ் பேங்க் விட்டுடுச்சு. லிமிட் போடற முறை இப்படி மாறிக்கிட்டே வந்தாலும், மாசாமாசம் சரக்கைப் பார்க்கிற வேலை முழுக்க அந்த ஒரு தாள் மேலயே நிக்குது.

நான்காவது வரி: வரவேண்டிய பாக்கி

வரவேண்டிய பாக்கி சரக்கு மாதிரி இல்ல. போய்த் தொட்டுப் பார்க்க முடியாது. போதாததுக்கு அதுக்குள்ள நம்ம லாபமும் சேர்ந்திருக்கு. 10 லட்சம் அடக்கத்துல செஞ்ச பம்பை 12.5 லட்சத்துக்குக் கடனுக்கு வித்தா, புக்ல சொத்து 2.5 லட்சம் ஏறிடும், ஆனா யாரும் புதுசா எந்தக் காசும் போடல. இந்த ரெண்டுக்கும் சேர்த்துத்தான் பாக்கிக்கு மார்ஜின் அதிகம். சித்தப்பாவோட விகிதத்துல கணக்குப் போட்டா அழகா வருது: 10 லட்சம் சரக்கு 7.5 லட்சம் டி.பி. தந்தது, அது 12.5 லட்சம் பாக்கியா மாறினப்புறம் 40 சதவீதம் கழிச்சாலும் அதே 7.5. வித்ததால மட்டும் டி.பி. ஏறல. பணம் வந்தாத்தான் நிலைமை மாறும்.

அப்புறம் 90 நாள். இங்க நிறைய பேர் குழம்பறாங்க, ஏன்னா மூணு வேற வேற 90 இருக்கு. முதல் 90, பில் போட்டு 90 நாள் தாண்டின பாக்கிக்கு டி.பி. கிடையாதுங்கிறது. இது உங்க சாங்ஷன் லெட்டர்ல இருக்கிற நிபந்தனை, சில தொழிலுக்கு 120, 180 கூட இருக்கும். இரண்டாவது, டி.பி. கணக்குப் போட்ட ஸ்டாக் ஸ்டேட்மென்ட் 3 மாசத்துக்கு மேல பழசா இருந்தா, அதை வச்சு எடுத்த பணம் ஒழுங்கற்றதுன்னு எடுத்துக்கணும்ங்கிற ரிசர்வ் பேங்க் விதி. மூணாவது, அப்படி ஒழுங்கற்ற நிலை தொடர்ந்து 90 நாள் நீடிச்சா கணக்கு வாராக்கடன், அதாவது என்.பி.ஏ. இந்த 90 நாள் அளவு 2004 மார்ச்ல இருந்து நடைமுறையில இருக்கு. வட்டியை ஒழுங்காக் கட்டினாலும், டி.பி.யைத் தாண்டி நின்னே மூணு மாசம் போனா என்.பி.ஏ. ஆகலாம். இது பல முதலாளிகளுக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கும் தெரியாது.

சித்தப்பாவோட தாள்

இப்போ அந்த ஞாயித்துக்கிழமைக்கு வரலாம். ஆகஸ்ட் மாசத் தாள்ல இருந்தது இது: சரக்கு 82 லட்சம், தரவேண்டியது 27 லட்சம், வரவேண்டியது 96 லட்சம். 82-ல 27 போக 55, அதுல முக்கால் 41.25. 96-ல 60 சதவீதம் 57.60. ஆக டி.பி. 98.85 லட்சம். எடுத்திருந்தது 94 லட்சம். இன்னும் கிட்டத்தட்ட 5 லட்சம் கையில இருக்குன்னு அர்த்தம். தீபாவளி போனஸ் கொடுக்க அந்த 5 லட்சத்தைத்தான் அவர் நம்பி இருந்தார்.

ஸ்கிரிப்ட் எழுதும்போது, டேலி எண்ணும் தாள் எண்ணும் பொருந்துதான்னு ஒவ்வொரு வரியாப் பார்த்தேன்.

சரக்குல 6 லட்சத்துக்குப் பழைய மாடல் காஸ்டிங். ரெண்டு வருஷமா ஒரு பீஸ் கூட நகரல. "இது என்னங்க சித்தப்பா?"ன்னு கேட்டேன். "அது கெடக்குது, என்னைக்காவது போகும்"னார். நகராத சரக்குக்கு டி.பி. இல்லைன்னு லெட்டர்லயே இருந்தது. இன்னொரு 4 லட்சம் வெளியில ஜாப் வொர்க்குக்கு அனுப்பினது. அந்தப் பட்டறையில இருக்கிற சரக்குக்கு இன்ஷூரன்ஸ் இல்ல, பேங்க்குக்கு அந்த இடமே சொல்லல. ஆக 82 இல்ல, 72.

தரவேண்டிய பாக்கியில ஒரு நுணுக்கம். டேலியில சண்ட்ரி கிரெடிட்டார்ஸ் குரூப்போட மொத்தம் 27 லட்சம்னு காட்டுது. உள்ள போய்ப் பார்த்தா, ஒரு சப்ளையருக்கு அட்வான்ஸ் கொடுத்த 5 லட்சம் அதே குரூப்ல எதிர்ப்பக்கம் நிக்குது. அவருக்குக் கொடுத்த அட்வான்ஸ், மத்தவங்களுக்குத் தரவேண்டியதைக் குறைச்சுடாது இல்லையா? நிஜமாத் தரவேண்டியது 32. அப்போ 72-ல 32 போக 40, அதுல முக்கால் 30 லட்சம். 41.25 இருந்த இடத்துல 30.

வரவேண்டிய பாக்கிதான் பெரிய அடி. தாள்ல 96-ம் முழுசா எடுத்திருந்தாங்க, வயசே பார்க்கல. 8 லட்சம் சித்தப்பாவோட மச்சான் கம்பெனி தரவேண்டியது. பங்குதாரர் சம்பந்தப்பட்ட கம்பெனிப் பாக்கிக்கு டி.பி. கிடையாது. 90 நாள் தாண்டினது 23 லட்சம்னு ஏஜிங் ரிப்போர்ட் சொன்னது. அப்படியே கழிச்சா 65 மிச்சம்.

ஆனா இங்க நான் நின்னு பார்த்தேன். டீலர்கள் அனுப்பின பணத்துல 5 லட்சத்தை எந்த பில்லுக்குன்னு குறிக்காம 'On Account'-னு போட்டிருந்தாங்க. அதனால கட்டி முடிச்ச பழைய பில்லுங்க இன்னும் நிக்கிற மாதிரி காட்டுது. டீலர்கள்கிட்ட கேட்டு பில்லோட பொருத்தினப்புறம், நிஜமாப் பழசு 18 லட்சம்தான். டி.பி.க்குத் தகுதியானது 70 லட்சம். அதுல 60 சதவீதம் 42. ஒரு என்ட்ரியை ஒழுங்காப் போட்டதுல 3 லட்சம் டி.பி. திரும்ப வந்தது. தாளைச் சரிபார்க்கிறதுன்னா வெட்டறது மட்டும் இல்ல, ரெண்டு பக்கமும் பார்க்கணும்.

30-ம் 42-ம் சேர்த்து 72 லட்சம். எடுத்திருந்தது 94. 5 லட்சம் மிச்சம்னு நினைச்ச இடத்துல 22 லட்சம் அதிகம்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "பழைய மாதிரியே போட்டுக் குடுத்துரு சாமி, அடுத்த மாசம் பாத்துக்கலாம்"னார். சித்தி சமையல்கட்டுல இருந்து எட்டிப் பார்த்தாங்க. தப்பான தாள்ல கையெழுத்துப் போடறது அவர், நான் இல்ல. அதைச் சொன்னேன். கூடவே இன்னொண்ணும் சொன்னேன்: பேங்க்ல இருந்து ஆள் வந்து சரக்கை எண்ணுவாங்க, வருஷக் கடைசி பேலன்ஸ் ஷீட்டைத் தாளோட ஒப்பிடுவாங்க, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்ல இருக்கிற விற்பனையை கணக்குல வந்து விழுந்த பணத்தோட ஒப்பிடுவாங்க. அன்னைக்கு அது பொய்த் தாள்னு தெரிய வரும், அப்போ 22 லட்சம் பேச்சு இல்ல, மொத்த லிமிட்டும் பேச்சு.

திங்கக்கிழமை ரெண்டு பேரும் சரியான தாளோட பேங்க்குக்குப் போனோம். மேனேஜர் சந்தோஷப்படல. டி.பி.யை 72-னு மாத்தினார். கணக்குல இருந்து புதுசா எடுக்க முடியாது, அதிகமா நிக்கிற தொகைக்கு அபராதம் உண்டு, 90 நாளுக்குள்ள உள்ள வரணும்னார். எப்படிக் கட்டப் போறோம்னு எழுதிக் கேட்டார்.

இங்கதான் அந்த நாலு வரியைப் புரிஞ்சுக்கிட்டது உதவிச்சு. எந்தப் பணத்தை முதல்ல வசூல் பண்றதுங்கிறது முக்கியம். 30 நாள் பாக்கியில 10 லட்சம் வசூலானா, எடுத்த தொகை 10 குறையும், ஆனா அந்தப் பாக்கி தந்த 6 லட்சம் டி.பி.யும் போயிடும். நிகர முன்னேற்றம் 4 லட்சம். 90 நாள் தாண்டின பாக்கியில 10 லட்சம் வந்தா, அதுக்கு ஏற்கெனவே டி.பி. இல்ல, முழு 10 லட்சமும் முன்னேற்றம். சப்ளையருக்கு 10 லட்சம் கட்டினா டி.பி. 7.5 ஏறும், எடுத்த தொகை 10 ஏறும், 2.5 பின்னாடி போவோம். அதனால டி.பி.யில இருந்து எதையெல்லாம் வெட்டினோமோ, அதே பட்டியல்தான் எங்க வசூல் பட்டியல் ஆச்சு.

பழைய பாக்கியில 11 லட்சம் வந்தது. அதுக்கு சித்தப்பா மதுரை, திண்டுக்கல்னு டீலர்கள் கடையில போய் உட்கார்ந்தார். மச்சான் கம்பெனி 8-ல 5 லட்சம் கொடுத்தது. வீட்டுல அதனால கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்ல. நகராத காஸ்டிங்கை இரும்பு விலைக்குப் போட்டதுல 2 லட்சம். 18 ஆச்சு. மிச்சம் 4 லட்சத்துக்கு சித்தி தன் பேர்ல இருந்த டெபாசிட்டை உடைச்சுப் போட்டாங்க. நடுவுல தினசரி விற்பனை, கொள்முதல் எல்லாம் ஓடிக்கிட்டுத்தான் இருந்தது. வந்த பணத்துக்குள்ளேயே வாங்கி, வாரம் ஒரு தடவை டி.பி. போட்டுப் பார்த்தோம். எழுபத்தி சொச்சம் நாள்ல கணக்கு டி.பி.க்குள்ள வந்தது. அந்த வருஷம் தீபாவளி போனஸ் ரெண்டு தவணையா, பாதி பொங்கலுக்குத்தான் கொடுக்க முடிஞ்சது.

ஒரு விஷயம் ஒத்துக்கணும். அந்த 22 லட்சம் ஒரே மாசத்துல வந்தது இல்ல. பழைய தாளெல்லாம் எடுத்துப் பார்த்தோம். கொஞ்சம் கொஞ்சமா, நாலு வருஷமா சேர்ந்திருக்கு. யாரும் ஏமாத்தணும்னு பண்ணல. முதல் மாசம் போட்ட எக்ஸெல்லை ஒவ்வொரு மாசமும் காப்பி பண்ணி, மொத்தத்தை மட்டும் மாத்தியிருக்காங்க. 90 நாளுக்கு மேல்ங்கிற காலம் எல்லா மாசமும் பூஜ்யம்.

உங்க வீட்டுலயோ வேலை செய்யற இடத்துலயோ இந்தத் தாள் இருந்தா, முதல்ல அந்தக் காலத்தைப் பாருங்க. கடனுக்கு விக்கிற ஒரு தொழில்ல, 90 நாள் தாண்டின பாக்கி வருஷம் முழுக்கப் பூஜ்யமா இருக்குன்னா, ஒண்ணு டீலர்கள் எல்லாரும் ரொம்ப நல்லவங்க, இல்ல யாரும் அந்தக் காலத்தை நிரப்பல. அடுத்து, கிரெடிட்டார்ஸ் குரூப்புக்குள்ள எதிர்ப்பக்கம் நிக்கிற அட்வான்ஸைத் தேடுங்க. இந்த ரெண்டும் அரை மணி நேர வேலை.

நான் எழுதின ஸ்கிரிப்ட் இப்போ பட்டனைத் தட்டினா ஓடுது. ஆனாலும் சித்தப்பா மாசம் முதல் தேதி குடோனுக்குள்ள ஒரு நோட்டோட போய்த் தானே ஒரு ரவுண்டு எண்ணிட்டுத்தான் கையெழுத்துப் போடறார். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.